ஆடுதுறை 43 எப்போது பூக்கும்? ஒரே வயலில் குறுவையும் தாளடியும்

திருவிடைமருதூருக்கும் குத்தாலத்துக்கும் இடைப்பட்ட ஒரு கிராமத்தில் என் மாமாவுக்கு ஃபில்டர் பாயிண்ட் வைத்த வயல் இருக்கிறது. அந்த வயலில் ஒரே வருடத்தில் குறுவைக்கும் ஆடுதுறை 43, தாளடிக்கும் ஆடுதுறை 43. வழக்கமாகத் தாளடிக்கு 135 நாள் ரகம்தான் போடுவார்கள். ஆனால் குறுவை அறுத்து முடியவே செப்டம்பர் கடைசி வாரம் ஆகிவிட்டது. அதற்கு மேல் நாற்றுவிட்டு 135 நாள் ரகத்தை நட்டால் அறுப்பு மாசிக்குள் போய்விடும், உளுந்து தெளிக்க முடியாது. அதனால் குறுகிய கால ரகத்தையே மறுபடி எடுத்தார். அதே மண், அதே ரகம், அதே கை; பருவம் மட்டும் வேறு. பூக்கும் நாளை வெப்பத்தைக் கூட்டிக் கணிக்கும் முறை நம் ஊரில் எவ்வளவு தூரம் நிற்கிறது என்று பார்க்க இதைவிட நல்ல ஜோடி கிடைக்காது.

முறை எளிதானது. பயிருக்கு வயது நாளால் கூடுவதில்லை, அது வாங்கிய வெப்பத்தால் கூடுகிறது என்று எடுத்துக்கொள்கிறோம். அன்றைய அதிகபட்ச வெப்பநிலையையும் குறைந்தபட்ச வெப்பநிலையையும் கூட்டி இரண்டால் வகுத்தால் சராசரி வரும். அதிலிருந்து, பயிர் வளர்ச்சி நின்றுபோகும் அடிப்படை வெப்பநிலையைக் கழித்தால் அன்றைய வெப்ப அலகு. விதைத்த மறுநாளிலிருந்து இதைத் தினமும் கூட்டிக்கொண்டே வந்தால், குறிப்பிட்ட ரகம் ஏறக்குறைய ஒரே மொத்தத்தில் பூக்க வேண்டும். இப்படித் தினசரி வெப்பத்தைக் கூட்டிப் பார்க்கும் யோசனையை 1735லேயே பிரான்ஸில் ரேமூர் முன்வைத்தார். இன்று க்ரோயிங் டிகிரி டேஸ், சுருக்கமாக ஜி.டி.டி. என்கிறார்கள். நெல்லுக்கு அடிப்படை வெப்பநிலையாகப் பெரும்பாலும் 10 டிகிரி செல்சியஸை எடுப்பார்கள்.

குறுவை

ஜூன் 5 அன்று நாற்றங்காலில் விதைப்பு. 22 நாள் நாற்றைப் பறித்து 27ஆம் தேதி நடவு. வெப்பநிலையை மாமா வீட்டுக் கொல்லைப்புறத்தில், வடக்குப் பார்த்த திண்ணையில், நெஞ்சு உயரத்தில் மாட்டிய மேக்ஸிமம்-மினிமம் வெப்பமானியில் எடுத்தோம். யு வடிவக் கண்ணாடிக் குழாயில் பாதரசம் இரண்டு பக்கமும் குட்டி எஃகு ஊசிகளைத் தள்ளிவிட்டு இறங்கிவிடும். ஊசியின் அடிமுனை நிற்கும் இடம்தான் அளவு. படித்து எழுதியதும் காந்தத்தால் ஊசியை இறக்கிப் பாதரசத்தோடு சேர்த்துவிட வேண்டும்.

இதில் கவனிக்க வேண்டியவை இரண்டு. ஒன்று, காலை எட்டரைக்குப் படித்தால் அதில் காட்டும் அதிகபட்சம் முந்தைய நாள் பிற்பகலுடையது. அதை நேற்றைய வரியில்தான் எழுத வேண்டும். மற்றொன்று, தகரக் கொட்டகையின் கீழே மாட்டினால் பிற்பகலில் தகரம் விடும் அனல் அளவை ஏற்றிவிடும். அந்தப் பிழை தினமும் ஒரே பக்கமாக வருவதால், கூட்டக் கூட்டப் பெரிதாகும். கொஞ்சம் கூடுதல், கொஞ்சம் குறைவு என்று இரண்டு பக்கமும் வரும் பிழை மூன்று மாதக் கூட்டலில் தானாகக் கரைந்துவிடும். ஒருபக்கப் பிழை கரையாது.

கணக்கு கண்ணுக்குப் பிடிபட, தினசரி எண்களை மாதச் சராசரியாக வட்டமாக்கித் தருகிறேன். ஜூனில் 37ம் 26ம், ஜூலையில் 36ம் 26ம், ஆகஸ்டில் 35ம் 25.5ம். 10ஐக் கழித்தால் நாளொன்றுக்கு ஜூனில் 21.5 அலகு, ஜூலையில் 21, ஆகஸ்டில் 20.25. 

பூத்த நாள் என்பதற்கு முதல் கதிரை எடுத்துக்கொள்ளக் கூடாது. வரப்போரக் குத்துகளுக்கு வெளிச்சமும் உரமும் வேறு மாதிரி கிடைக்கும், அவற்றையும் நம்பக் கூடாது. வயலின் நடுவில் 25 குத்துகளுக்குக் குச்சி நட்டு அடையாளம் வைத்தோம். அவற்றில் பாதிக்கு மேல் தாய்த் தண்டின் கதிர் வெளியே வந்து பூத்த நாளையே கணக்கில் எடுத்தோம். காலை பத்து மணி வாக்கில் போனால் தெளிவாகத் தெரியும். உமி இரண்டும் லேசாகப் பிரிந்து, வெளிர் மஞ்சள் மகரந்தப் பைகள் நூலில் தொங்கும். மதியத்துக்குள் உமி மூடிக்கொள்ளும், பைகள் மட்டும் வெளியே வாடி நிற்கும்.

ஆகஸ்ட் 24, அதாவது 80ஆம் நாள் அந்தப் பாதி தாண்டியது. ஜூனின் 25 நாளுக்கு 537.5, ஜூலையின் 31 நாளுக்கு 651, ஆகஸ்டின் 24 நாளுக்கு 486. மொத்தம் 1,674.5 அலகு.

தாளடிக்கு மூன்று தேதிகள்

அக்டோபர் 3 அன்று தாளடிக்கு விதைத்தோம். 25 நாள் நாற்று, 28ஆம் தேதி நடவு. எப்போது பூக்கும் என்பதை முன்கூட்டியே எழுதி வைக்க வேண்டும், இல்லாவிட்டால் பூத்தபின் எந்தக் கணக்கும் சரியாகத்தான் தெரியும். வரப்போகும் மாதங்களுக்கு வழக்கமான சராசரியை வைத்துத் தொடங்கி, நாள் போகப் போக உண்மையான அளவை அந்த இடத்தில் போட்டுக்கொண்டே வந்தோம். இரண்டுக்கும் அந்த வருடம் பெரிய வித்தியாசம் வரவில்லை. அக்டோபரில் 32.5ம் 24.5ம், நவம்பரில் 29.5ம் 23.5ம், டிசம்பரில் 28.5ம் 22ம், ஜனவரியில் 29ம் 21ம்.

முதல் தேதி, மாமாவின் நாள் கணக்கு. 110 நாள் ரகம், 80ல் பூக்கும். அப்படியானால் டிசம்பர் 22.

இரண்டாவது, புத்தகச் சூத்திரம். அக்டோபரில் நாளுக்கு 18.5 வீதம் 28 நாளுக்கு 518. நவம்பரில் 16.5 வீதம் 495. டிசம்பர் முழுதும் சேர்த்தால்கூட 1,486 பக்கம்தான் வருகிறது. மீதி 189 அலகை ஜனவரியில் நாளுக்கு 15 வீதம் சேர்த்தால், 1,674.5 எட்டுவது ஜனவரி 13 அன்று, விதைத்த 102ஆம் நாள்.

மூன்றாவது தேதிக்கு சூத்திரத்தில் ஒரு சின்ன மாற்றம் செய்தோம். அதிகபட்ச வெப்பநிலை 30ஐத் தாண்டினால் 30 என்றே எழுதுவது. விரிதாளில் B பத்தியில் அதிகபட்சமும் C பத்தியில் குறைந்தபட்சமும் இருந்தால்:

```
=(MIN(B2,30)+C2)/2-10
```

இந்த மாற்றம் ஏன்? நெல்லின் வளர்ச்சி வேகம் வெப்பத்தோடு ஏறிக்கொண்டே போகாது. சர்வதேச நெல் ஆராய்ச்சி நிறுவனத்தின் ஒரைஸா மாதிரியில் அடிப்படை 8, உகந்த அளவு 30, மேல் எல்லை 42 என்று வைத்திருக்கிறார்கள். அதாவது 30 வரை வேகம் கூடும், அதற்கு மேல் குறையத் தொடங்கும், 42ல் நிற்கும். சாதாரணச் சூத்திரமோ 37 டிகிரிப் பிற்பகலையும் பயிர் முழுதாகப் பயன்படுத்திக்கொண்டதாகக் கணக்கில் ஏற்றுகிறது. ஜூன் மாத வயலில் அப்படி வீணாக ஏறும் அலகு நாளுக்கு மூன்றரை. டிசம்பரில் ஒன்றுமில்லை, ஏனென்றால் அப்போது 30ஐத் தொடுவதே அபூர்வம்.

குறுவையை இப்படித் திரும்பக் கூட்டினால் ஜூனில் நாளுக்கு 18, ஜூலையில் 18, ஆகஸ்டில் 17.75, மொத்தம் 1,434. தாளடியில் அக்டோபருக்கு 17.25 வீதம் 483, நவம்பருக்கு 495, ஆக 978. மீதி 456ஐ டிசம்பரின் 15.25ஆல் வகுத்தால் கிட்டத்தட்ட 30 நாள். டிசம்பர் 30, விதைத்த 88ஆம் நாள்.

பூத்தது டிசம்பர் 28, மார்கழி நடுவில். 86ஆம் நாள்.

நாள் கணக்கு ஆறு நாள் முன்னே போனது. 30க்கு மேல் வெட்டிய கணக்கு இரண்டு நாள் பின்னே. புத்தகச் சூத்திரம் பதினாறு நாள் பின்னே. எண்ணிப் பாருங்கள்: எந்த வெப்பமானியும் இல்லாமல் பெரியவர்கள் சொல்லும் கணக்கு, சூத்திரத்தைவிடப் பத்து நாள் கிட்டத்தில் இருக்கிறது. வெப்ப அலகு முறை நம் ஊருக்கு ஆகாது என்று சிலர் ஒதுக்கிவிடுவது இங்கேதான். முறையில் குறை இல்லை என்பது என் முடிவு. குளிர்ந்த ஊர்களில், அடிப்படை வெப்பநிலைக்கு அருகிலேயே வசந்தகாலம் தொடங்கும் வயல்களுக்காக வடித்த சூத்திரம் அது. அங்கே கீழ் எல்லைதான் முக்கியம். டெல்டாவில் மார்கழிக் குளிரில்கூட விடியற்காலை 20 டிகிரி பக்கம்தான் நிற்கிறது, 10 என்பதைப் பயிர் பார்ப்பதே இல்லை. நமக்குப் பிரச்சினை எப்போதும் மேல் பக்கம்.

இதை எண்ணால் சோதித்துப் பார்க்கவும் ஒரு வழி உண்டு, ரகத்தை இரண்டு பருவத்தில் போட்ட யாரும் செய்யலாம். இரண்டு பருவத்திலும் மொத்த அலகு சமமாக வரும்படியான அடிப்படை வெப்பநிலை எது என்று திருப்பிக் கேளுங்கள். எங்கள் வயலில், எதையும் கழிக்காமல் சராசரி வெப்பத்தைக் கூட்டினால் குறுவையில் பூக்கும் வரை 2,474.5, தாளடியில் 2,300. நாள்கள் 80ம் 86ம். இரண்டும் சமமாக வேண்டுமென்றால் அடிப்படை வெப்பநிலை மைனஸ் 29 என்று வருகிறது. நெல்லுக்கு மைனஸ் 29! இப்படி அர்த்தமில்லாத எண் வந்தால், அடிப்படையை 8 ஆக்குவதா 12 ஆக்குவதா என்று மல்லுக்கட்டுவதில் பயனில்லை. மேல் எல்லை விடுபட்டிருக்கிறது என்பதற்கு அதுவே அடையாளம்.

மேல் எல்லையையும் அப்படியே வெளியூரிலிருந்து எடுத்துவர முடியாது. அமெரிக்காவின் அர்கன்சாஸில் நெல் விவசாயிகள் பயன்படுத்தும் டி.டி.50 கணக்கில் அதிகபட்சம் 94 ஃபாரன்ஹீட்டைத் தாண்டினால் 94 என்றும், குறைந்தபட்சம் 70ஐத் தாண்டினால் 70 என்றும் எழுதுவார்கள், அடிப்படை 50. ஒரு நாளுக்கு அதிகம் போனால் 32 அலகு. நம் அளவில் அந்த எல்லைகள் ஏறக்குறைய 34.4ம் 21.1ம். எங்கள் குறுவை மாதங்களில் சராசரிப் பகல் 35க்குக் குறையவில்லை, இரவு 25க்குக் குறையவில்லை. ஆகவே கிட்டத்தட்ட எல்லா நாளும் அதே 32தான். அப்புறம் வெப்பமானி எதற்கு? காலண்டரைப் பார்த்தால் போதும். அர்கன்சாஸில் ஏப்ரலில் விதைத்த வயலுக்கு அந்தக் கணக்கு நன்றாகவே வேலை செய்கிறது, அங்கே இரவு இறங்குகிறது. எங்கள் வயலில் இரவு வெப்பத்தை வெட்டாமல் பகலை மட்டும் 30ல் வெட்டியது நன்றாக ஒத்துவந்தது. நம் இரவுகள் 30ஐத் தாண்டாதவை, அந்த வெப்பம் முழுவதும் பயிருக்குப் பயன்படுகிறது.

நடுவில் ஒரு திருத்தம்

88 நாள் என்று சொல்லிவிட்டுச் சும்மா இருக்க வேண்டியதில்லை. வழியில் ஒரு மைல்கல் இருக்கிறது: கதிர் உருவாகும் பருவம். வெளியே எதுவும் தெரியாது. நல்ல தாய்த் தண்டு ஒன்றை வேரோடு பிடுங்கி, அடியிலிருந்து பிளேடால் நெடுக்காக இரண்டாகப் பிளக்க வேண்டும். அடிக் கணுவுக்கு மேலே, இலை உறைகளுக்கு நடுவில், ஒன்றிரண்டு மில்லிமீட்டரில் வெள்ளையாக, பஞ்சு ஒட்டியதுபோல் ஒரு கூர்நுனி தெரிந்தால் அதுதான் இளங்கதிர். பத்துத் தண்டு பிளந்து பாதிக்கு மேல் தெரிந்தால் அன்றைய தேதியைக் குறிக்கலாம்.

குறுவையில் அது ஜூலை 26 அன்று தெரிந்தது. வெட்டிய கணக்கில் அதுவரை 918 அலகு, அங்கிருந்து பூக்கும் வரை 516. தாளடியில் 918 எட்ட வேண்டியது நவம்பர் 27 அன்று. ஆனால் 25ஆம் தேதியே இளங்கதிர் தெரிந்துவிட்டது. சரி, பயிர் கணக்கைவிட இரண்டு நாள் முந்தி ஓடுகிறது என்று தெரிந்ததும் பழைய கூட்டலை விட்டுவிட்டு, அன்றிலிருந்து புதிதாக 516 எண்ணினோம். நவம்பரின் மிச்ச ஐந்து நாளுக்கு 82.5, மீதி 433.5க்கு டிசம்பரில் 28 நாளும் கொஞ்சமும். டிசம்பர் 29. நிஜம் 28.

விதைப்பிலிருந்து நீளமாக எண்ணுவதைவிட இப்படி நடுவில் புதிதாகத் தொடங்குவது துல்லியமாக வருவதற்குக் காரணம் உண்டு. கணக்குக்குள் அடங்காத சங்கதிகள் பெரும்பாலும் முதல் பாதியில்தான் நடக்கின்றன. நாற்றைப் பறித்து நட்டதும் வேர் பிடித்துப் பச்சை கட்டும் வரை வளர்ச்சி தடைபடுகிறது. வெயில் அடிக்கிறது, அலகு ஏறுகிறது, பயிருக்கு வயது ஏறுவதில்லை. நாற்றின் வயது கூடக் கூட இந்தத் தடையும் கூடும். அதோடு, முதல் பாதியில் வளரும் நுனி தண்டின் அடியில், தண்ணீருக்குள் இருக்கிறது. அதற்குத் தெரிவது காற்றின் வெப்பமல்ல, வயல் தண்ணீரின் வெப்பம். ஜூன் மதியம் இரண்டு அங்குலத் தண்ணீரில் காலை வைத்தவர்களுக்கு அது என்னவென்று தெரியும். தண்டு நீண்டு கதிர் மேலே ஏறிய பிறகுதான் திண்ணை வெப்பமானி காட்டுவதும் பயிர் உணர்வதும் நெருங்கி வருகின்றன.

பக்கத்து வயலில் இதன் இன்னொரு முகத்தைப் பார்த்தோம். அதே ரகம், எங்களுக்குச் சில நாள் முன்னால் விட்ட நாற்று. மழையும் ஆள் கிடைக்காததும் சேர்ந்து நாற்றங்காலிலேயே நாற்பது நாள் நின்றுவிட்டது. நட்ட பிறகு சில தாய்த் தண்டுகள் சீக்கிரமே குட்டைக் கதிர் தள்ளின, தூர்கள் நிதானமாகப் பின்னால் வந்தன. பூப்பு இரண்டு வாரத்துக்கு மேல் இழுத்தது. அந்த வயலுக்குப் ‘பூக்கும் நாள்’ என்று ஒன்றைச் சொல்லவே முடியாது. 25 நாளுக்கு மேற்பட்ட குறுகிய கால ரக நாற்றுக்கு இந்தக் கூட்டலை நம்ப வேண்டாம் என்றே சொல்வேன். தண்டைப் பிளந்து பார்ப்பது ஒன்றே அங்கே வழி.

சம்பாவுக்கு இது பொருந்துமா

மாமாவிடம் இந்த நோட்டைக் காட்டியபோது அவர் கேட்ட முதல் கேள்வி இதுதான். “அந்தக் காலத்துல எங்கப்பா ஆடியில விட்டாலும் ஆவணியில விட்டாலும் சம்பா தையிலதான் அறுப்பாரு. அதுக்கு உன் கணக்கு என்ன சொல்லும் தம்பி?”

ஒன்றும் சொல்லாது, மாமா. பழைய நீண்டகால சம்பா ரகங்களில் பல பகல் நீளத்தைப் பார்த்துப் பூப்பவை. நம் அட்சரேகையில் ஆனி மாதத்து நீண்ட பகலுக்கும் மார்கழியின் குறுகிய பகலுக்கும் வித்தியாசம் ஒன்றரை மணி நேரம்கூட இல்லை. அந்தச் சிறு வித்தியாசமே அந்த ரகங்களுக்குப் போதும். பகல் குறிப்பிட்ட அளவுக்குச் சுருங்கும் வரை அவை இலையும் தூருமாகக் காத்திருக்கும். ஒரு மாதம் முன்னால் விதைத்தால் அந்த மாதத்து 500, 600 அலகு கூடுதலாக வாங்கிக்கொண்டு, கிட்டத்தட்ட அதே வாரத்தில்தான் பூக்கும். ஒரு ரகத்தை முன்பின்னாக இரண்டு தேதியில் விதைத்து, பூக்கும் தேதிகள் மட்டும் நெருங்கி வந்தால் அது பகல் நீளத்துக்குக் கட்டுப்பட்டது; அலகு கூட்டுவதை விட்டுவிடலாம். ஆடுதுறை 43 போன்ற குறுகிய கால ரகங்கள் பெரிதும் அப்படிக் கட்டுப்படாதவை என்பதால்தான் இந்த ஆய்வே நடந்தது. இருந்தாலும் எங்கள் தாளடி கணக்கைவிட இரண்டு நாள் முந்தியதில் மார்கழிப் பகலின் பங்கும் கொஞ்சம் இருக்கலாம். வெப்பமும் பகல் நீளமும் ஒன்றாகவே இறங்கும் பருவத்தில் இரண்டையும் பிரித்துக் காட்ட ஒரே ஒரு தாளடி போதாது.

தேதி தெரிந்து என்ன செய்தோம்

எங்களுக்கு வேண்டியிருந்தது உளுந்துத் தேதி. நெல் தரிசு உளுந்தை அறுப்புக்கு ஒரு வாரம், பத்து நாள் முன்னால், நின்ற பயிரிலேயே தெளிக்க வேண்டும். மண் மெழுகு பதத்தில் இருக்க வேண்டும். சீக்கிரம் தெளித்தால் நெல் நிழலில் முளை வெளிறி நீண்டுவிடும், சேற்றில் விதை அழுகும். தாமதித்தால் மண் இறுகிவிடும், பிறகு பனியை மட்டும் நம்பி அது காய்க்க முடியாது. வாய்ப்பு உள்ள இடைவெளி சில நாள்தான்.

பூத்ததிலிருந்து முற்றுவதும் வெப்பத்தைப் பொறுத்ததே. குறுவையில் பூத்து 30 நாளில் அறுத்தோம், நாளுக்கு 17.75 என்று வைத்தால் 532 அலகு. தாளடியில் டிசம்பர் 28க்குப் பின் நாளுக்கு 15 பக்கம்தான் சேர்கிறது. அதே 532 சேர 35 நாளுக்குக் கொஞ்சம் மேல் ஆகும், அதாவது பிப்ரவரி 2. வழக்கமான ‘பூத்து முப்பது நாள்’ என்றால் ஜனவரி 27 என்று வந்திருக்கும். நாள் கணக்கில் டிசம்பர் 22லிருந்து எண்ணியிருந்தால் ஜனவரி 21. உளுந்தை ஜனவரி 12 வாக்கிலேயே, சேறு காயாத வயலில் தெளித்திருப்போம். புத்தகச் சூத்திரத்தை நம்பியிருந்தால் பிப்ரவரி பாதிக்குப் போயிருக்கும்.

நவம்பர் 25 அன்று இளங்கதிரைப் பார்த்ததுமே மேலுரத்தை வைத்தோம். டிசம்பர் 29 என்ற கணிப்பை வைத்து, அறுவடை பெல்ட் மிஷினுக்கு பிப்ரவரி முதல் வாரம் என்று ஒரு மாதம் முன்னாலேயே சொல்லிவைத்தோம். பூத்த பிறகு தண்ணீரை வடிக்கும் நாளையும் உளுந்திலிருந்து பின்னோக்கி எண்ணினோம். ஜனவரி 24 அன்று காலையில் மண்ணைக் கையில் பிசைந்து பார்த்து, ஏக்கருக்கு 12 கிலோ வீதம் உளுந்து தெளித்தோம். பிப்ரவரி 3 அன்று மிஷின் இறங்கியபோது உளுந்து இரண்டு இலை விட்டிருந்தது. பெல்ட் ஓடிய தடத்தில் கொஞ்சம் நசுங்கியது, மற்றபடி பயிர் நன்றாகப் பிடித்துக்கொண்டது.

இந்த வயலுக்கும் இந்த ரகத்துக்கும் இப்போது எங்களிடம் இருக்கும் எண்கள்: இளங்கதிருக்கு 900 முதல் 920, அங்கிருந்து பூக்க 510 பக்கம், பூத்து முற்ற 530 பக்கம், எல்லாம் பகலை 30ல் வெட்டி, 10ஐக் கழித்தவை. வெட்டாமல் கூட்டிய எண்களோடு இவற்றைக் கலக்கக் கூடாது. வேறு ரகம் என்றால் அடுத்த குறுவையிலிருந்து புதிதாக எழுதத் தொடங்க வேண்டும். மாமா கோ 51க்கு ஒரு பக்கம் ஒதுக்கியிருக்கிறார்.